நடுக்கோட்டுக்குக் கீழே ஒன்பது புள்ளிகள்

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவனுக்கு நண்பர்கள் அதிகம் இருக்க முடியாது. நாளொன்றுக்கு நாற்பதாயிரம் மூடிகள் உருண்டு வரும். அவற்றில் மயிரிழை பெரிதாகவோ சிறிதாகவோ நாலு மூடி அகப்பட்டால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்ப வேண்டியது அவன் வேலை. இந்த வேலையை அவன் முகம் சுளிக்காமல் செய்தான் என்பதோடு, கொஞ்சம் சந்தோஷமாகவும் செய்தான். அதனால் அங்கே அவனுக்கு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். இப்போது அடையாள அட்டையைத் தவிர எல்லா இடத்திலும் அவன் மைக்ரான்தான்.

இப்படிப்பட்டவன் கையில் கோடு போட்ட தாளைக் கொடுத்து, அதில் அவன் பெற்ற பெண்ணையே புள்ளி புள்ளியாக வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து அந்தப் புத்தகத்தையும் சிரித்துக்கொண்டே கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஐந்து வளைகோடுகள் இருந்தன. இடது மூலையில் ஒன்றாகக் கிளம்பி, போகப் போக விலகி, வலது பக்கம் மேலே ஏறிப்போகும் கோடுகள். ஓரத்தில் 3, 15, 50, 85, 97 என்று எண்கள். அடியில் மாதம், பக்கவாட்டில் கிலோ. மைக்ரான் முதல் பார்வையிலேயே அதைப் புரிந்துகொண்டான். தொழிற்சாலையில் அவன் மேசைக்கு மேலேயும் இதே மாதிரி ஒரு தாள் தொங்குகிறது. நடுவில் இருக்க வேண்டிய அளவு. மேலேயும் கீழேயும் எல்லைகள். நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஏழு புள்ளி விழுந்தால், எல்லையைத் தாண்டாவிட்டாலும்கூட, இயந்திரத்தை நிறுத்தி என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும். அது சட்டம்.

பதினெட்டு மாத மகள் சுண்டுவுக்கு இதுவரை எட்டுப் புள்ளிகள். எட்டும் நடுக்கோட்டுக்குக் கீழே.

இன்று ஒன்பதாவது.

சுகாதார நிலையத்தின் குழந்தைகள் பிரிவில் நீல நாற்காலிகள் சுவரோடு சுவராகத் திருகப்பட்டிருந்தன. வருகிறவர்களெல்லாம் நாற்காலி திருடும் பரம்பரை என்ற சந்தேகம் நிர்வாகத்துக்கு இருந்திருக்க வேண்டும். மைக்ரான் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்தான் திரும்பவும் சேர்ந்திருந்தாள். அவளுடைய கைப்பேசியில் ஒரு கடிதம் தட்டச்சு செய்யப்பட்டு, அனுப்பப்படாமல் காத்திருந்தது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கும் கடிதம். பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடு, உன் இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார்.

எதிர் நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்பதைவிட நாற்காலியை நிரப்பியிருந்தது என்பது சரி. கையில் இரண்டு மடிப்பு, தொடையில் மூன்று.

"எத்தனை மாசம்?" என்று மைக்ரான் அந்தக் குழந்தையின் அப்பாவிடம் கேட்டான்.

"பதினாலு."

"எத்தனை கிலோ?"

"பன்னெண்டரை."

மைக்ரான் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். சொல்லாமலே சொல்வதில் அவன் தேர்ந்தவன்.

"பார்க்காதீங்க," என்றாள் அவள். "பாத்தா நம்ம குழந்தைக்கு ஏறிடாது."

சுண்டு இருவருக்கும் நடுவே நாற்காலியின் திருகாணியை விரலால் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு நிலைமை இப்படி இல்லை. குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதிலிருந்தே மைக்ரான் வீட்டில் ஒரு திட்டம் நடத்தி வந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உணவு. ஒவ்வொரு தடவையும் எத்தனை கரண்டி என்று சமையலறைச் சுவரில் அட்டவணை. பாத்திரம் காலியாகும் வரை கரண்டி பின்தொடரும். கட்டிலுக்கு அடியிலும், மேசைக்கு அடியிலும், ஒரு முறை குளியலறைக்குள்ளும் பின்தொடர்ந்திருக்கிறது. சுண்டு வாங்கிக்கொள்வாள். வாங்கிய சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, ஆள் நகர்ந்ததும் சோபா இடுக்கில் பத்திரப்படுத்துவாள். இது சோபாவைத் திருப்பிப் போட்ட அன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் பதினைந்தாவது மாதம் எடை பார்த்தபோது ஒன்பது கிலோ. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது! பதினைந்தாம் எண் கோட்டைத் தொட்டுக்கொண்டே நடந்த புள்ளி, அன்று மட்டும் அதைவிட்டு எழும்பி நடுக்கோட்டை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. மைக்ரான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தன் அக்காவுக்கு அனுப்பினான். திட்டம் பலித்துவிட்டது என்று எழுதினான்.

அதற்கு அடுத்த வாரம் மனைவி வேலைக்குப் போனாள். சுண்டு காப்பகத்துக்குப் போனாள். அட்டவணையின் நகல் ஒன்றை மைக்ரான் காப்பகத்தில் கொடுத்தான். அங்கிருந்த பெண் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்க பதினாலு பிள்ளைங்க சார். நான் ஒருத்தி," என்றாள். அத்தோடு திட்டம் முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்தான். ஒன்பது கிலோ. மூன்று மாதம், ஒரு கிராம்கூட ஏறவில்லை.

"நான் அப்பவே சொன்னேனே," என்றாள் அக்கா தொலைபேசியில். இந்த வாக்கியத்தை எந்த விஷயத்துக்கும் பொருந்தும்படி அவள் எப்போதும் தயாராக வைத்திருப்பாள். "அம்மா வீட்டுல இருந்தவரைக்கும் ஏறிச்சு. வேலைக்குப் போனா, நின்னுடுச்சு. இதுக்கு டாக்டர் எதுக்கு?"

கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். மைக்ரான் அதை மறுத்து ஏதாவது சொல்வான் என்று சற்று நேரம் காத்திருந்தாள். அவன் எடைப் புத்தகத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரைபடமும் அக்கா பக்கம்தான் இருந்தது. அன்று இரவே கடிதம் தயாரானது.

"அடுத்து யாரு? உள்ள வாங்க," என்று குரல் வந்தது.

குழந்தைகள் பிரிவு நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். புத்தகத்தை வாங்கி அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். புள்ளிகளை மைக்ரான் ஏற்கெனவே சிவப்பு மையில் நேர்கோடுகளால் இணைத்து, அளவுகோல் வைத்து, ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தான்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா சார்?"

"ஆமா சிஸ்டர். எட்டுப் புள்ளி. எல்லாமே சென்டர் லைனுக்குக் கீழ. எங்க ஃபேக்டரியில ஏழு வந்தாலே மெஷினை நிறுத்திடுவோம்."

நர்ஸ் சுண்டுவைப் பார்த்தார். சுண்டு எடை மேடையின் மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள். "இந்த மெஷினையா?" என்றார். "உங்களால முடிஞ்சா நிறுத்துங்க பாப்போம்."

மனைவி சிரித்துவிட்டாள். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவை. மைக்ரானுக்கு அது கொஞ்சம் உறைத்தது.

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "உங்க மூடிக்கு சென்டர் லைன் எங்கிருந்து வந்துது சார்?"

"அந்த மெஷின் போடற மூடியையே அளந்து, சராசரி எடுத்து..."

"அதாவது அதே மெஷினோட சொந்தக் கோடு. அதுல இருந்து விலகினா கோளாறு. சரிதான். ஆனா இந்தக் கோடு உங்க பொண்ணோடது இல்லியே." நடுக்கோட்டின் மேல் விரலை வைத்தார். "இவ வயசுல நூறு பெண் குழந்தைங்களைக் கூப்பிட்டு எடைப்படி வரிசையா நிக்க வெச்சதா நெனச்சுக்கங்க. ஒல்லி இந்தப் பக்கம், குண்டு அந்தப் பக்கம். நடுவுல அம்பதாவதா நிக்கறவளோட எடை இது. அவ யாரோ, எவரோ. பதினஞ்சுன்னா, உங்க பொண்ணுக்கு முன்னாடி அவளைவிட எடை கம்மியா ஒரு பதினஞ்சு பேர் நிக்கறாங்க, பின்னாடி எம்பத்தஞ்சு பேர். அவ்வளவுதான். அந்த வரிசையில நிக்கற யாரும் நோயாளி இல்ல. நல்லா வளர்ற பிள்ளைங்களா பாத்துதான் அளந்திருக்காங்க."

"ஆனா அம்பதுக்கு வரணும் இல்லியா?"

"எதுக்கு வரணும்?"

மைக்ரான் தன் மூடிகளை நினைத்துப் பார்த்தான். மூடிக்கு ஏன் இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்றால் பாட்டில் வாய் அவ்வளவு, அதனால். குழந்தை எந்தப் பாட்டிலுக்குப் பொருந்த வேண்டும் என்பதை அவன் இதுவரை யோசிக்கவில்லை.

"எல்லாரும் அம்பதாவது எடத்துல நின்னா அது வரிசை இல்ல சார், தள்ளுமுள்ளு. யாராவது ஒருத்தி பதினஞ்சாவதா நின்னுதான் ஆகணும். உங்க வீட்டம்மாவைப் பாருங்க. இவங்க அஞ்சடி இருப்பாங்களா?"

"அஞ்சடி அரை," என்றாள் மனைவி. அரை அங்குலத்தை அவள் எப்போதும் விட்டுக்கொடுப்பதில்லை.

"நீங்களும் தடிமன் ஒண்ணும் இல்ல சார். ரெண்டு சைக்கிள் சேந்து லாரியைப் பெத்தாத்தான் நான் கவலைப்படுவேன்."

மைக்ரானுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. ஆனால் தரம் பார்க்கிறவன் லேசில் தளரமாட்டான். அவன் கடைசிப் புள்ளியைத் தொட்டான்.

"அதெல்லாம் சரி சிஸ்டர். கீழயே இருக்கறது தப்பில்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா இது? பதினஞ்சு மாசத்துல ஒம்பது கிலோ. வீட்டுல இப்ப பாத்தாலும் ஒம்பது. ஏறிட்டிருந்தது படுத்துடுச்சே."

நர்ஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அவர் முகத்திலிருந்து வேடிக்கை இறங்கியது. அதைப் பார்த்து மனைவியின் முகத்திலிருந்தும் இறங்கியது.

"இது நியாயமான கேள்வி," என்றார். "எந்தக் கோட்டுல இருக்காங்கறதுல ஒண்ணும் இல்ல. தன் கோட்டை விட்டுக் கீழ கீழ போறாளான்னுதான் நாங்க பாப்போம். ஒரு கோட்டை ரெண்டு கோட்டைத் தாண்டி இறங்கினா விடமாட்டோம். காய்ச்சல் வந்துதா? வயித்துப்போக்கு?"

"சளி மட்டும் ரெண்டு தடவை. காப்பகத்துல போட்ட புதுசுல," என்றாள் மனைவி. அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஓடறா, ஏறறா, அது நானே பாக்கறேன். பேச்சு?"

"பத்துப் பன்னெண்டு வார்த்தை. 'வேணாம்'தான் ரொம்பத் தெளிவா வரும்."

"டயபர் வழக்கம்போல நனையுதா? தூக்கம்?"

எல்லாவற்றுக்கும் ஆமாம். நர்ஸ் எழுதிக்கொண்டார். "முதல்ல இங்க எடை பாப்போம். வீட்டு மெஷினை நம்பி நான் எதுவும் சொல்லமாட்டேன். உடுப்பு, டயபர் எல்லாத்தையும் கழட்டுங்க."

சுண்டுவுக்கு மேடையில் தானாக ஏறி இறங்குவதில் ஆட்சேபம் இல்லை. உடுப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னதும் ஆட்சேபம் வந்துவிட்டது. "வேணாம்" என்றாள், தெளிவாக. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிரித்தால் கத்தினாள். மேடையில் நிறுத்தினால் காலை மடக்கித் தொங்கினாள்.

"பரவால்ல, நீங்களே தூக்கிக்கிட்டு நில்லுங்க," என்றார் நர்ஸ் மனைவியிடம். "முதல்ல அப்பாகிட்ட குடுத்துட்டு நீங்க மட்டும் ஏறுங்க. மெஷினை நான் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துடறேன். அப்புறம் குழந்தையை வாங்கினா அவ எடை மட்டும் காட்டும். கையில போன் இருந்தா இருக்கட்டும், ஆனா குழந்தை வந்தப்புறமும் அதே கையில இருக்கணும். நடுவுல ஒண்ணை எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது. அப்படி எடுத்தா அதையும் குழந்தை கணக்குல எழுதிடுவோம்."

மனைவி ஏறினாள். பூஜ்யம். குழந்தையை வாங்கினாள். 9.0.

"ஒம்பது. அப்ப வீட்டு மெஷின் பொய் சொல்லல," என்றார் நர்ஸ். அவருக்கே அது ஏமாற்றமாக இருந்தது போலத் தெரிந்தது.

பிறகு மரப்பலகை ஒன்றில் சுண்டுவைப் படுக்க வைத்து நீளம் பார்த்தார்கள். மனைவி தலையைப் பிடித்துக்கொண்டாள், நர்ஸ் முழங்காலை அழுத்திப் பாதத்தில் பலகையை நகர்த்தினார். எழுபத்தெட்டு சென்டிமீட்டர். நர்ஸ் வேறு ஒரு பக்கத்தைத் திருப்பி, நீளத்துக்கு எடை பொருந்துகிறதா என்று பார்த்துத் தலையசைத்தார். "உடம்புவாகுக்கு எடை சரியாத்தான் இருக்கு. ஒம்பதுங்கறது இந்த வயசுக்கு அவளோட பழைய பதினஞ்சாம் கோட்டு மேலயேதான் விழுது. பன்னெண்டு மாசம் வரைக்கும் கோட்டு மேல. இப்பவும் கோட்டு மேல. நடுவுல இந்தப் பதினஞ்சு மாசப் புள்ளி மட்டும்தான் எகிறிக் குதிக்குது. இப்படி ஒண்ணு மட்டும் தனியா நின்னா, ஒண்ணு குழந்தைக்கு ஏதோ ஆகியிருக்கணும், இல்லேன்னா அந்தப் புள்ளி பொய் சொல்லணும். அன்னிக்கு யாரு எடை பாத்தாங்க?"

"நீங்க லீவு. வேற ஒரு சிஸ்டர். மெஷின்ல பேட்டரி இல்லைன்னு பெரியவங்க மெஷின்ல பாத்தாங்க," என்றாள் மனைவி.

நர்ஸ் பழைய பக்கத்தைப் புரட்டினார். ஓரத்தில் பென்சிலில் இருந்தது: 'அப்பாவுடன் 77.6. அப்பா மட்டும் 68.6.'

மைக்ரான் எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்றைய காட்சி அவனுக்கு அப்படியே வந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். சுண்டுவைத் தூக்கிக்கொண்டு ஏறினான். சிஸ்டர் எழுபத்தேழு புள்ளி ஆறு என்றார். இறங்கினான், குழந்தையை மனைவியிடம் கொடுத்தான். எண்ணைத் தானும் குறித்துக்கொள்ளலாம் என்று கால்சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான். கைப்பேசியோடு சாவிக்கொத்து பின்னிக்கொண்டு வந்தது. அதற்கு அடியில், மூடி அளக்கும் வெர்னியர். எல்லாவற்றையும் மேசையில் வைத்தான். எண்ணை எழுதினான். பிறகு வெறும் பையோடு மேடையில் ஏறினான்.

ஒரு தசமம் வரை திருத்தமாக எழுதினான், அதுதான் விசேஷம்.

இந்த அறையில் இது வேறு யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் இதற்கு ஒரு படிவம் உண்டு. என்ன பிழை, எப்போது, யாரால் என்று மூன்று கட்டம். ஏழு வருடத்தில் மூன்றாவது கட்டத்தில் அவன் பலர் பெயரை எழுதியிருக்கிறான். தன் பெயரை எழுத வேண்டிய நிலை வந்ததில்லை. சும்மா இருந்தால் என்ன? நர்ஸே அந்தப் புள்ளியைச் சந்தேகப்பட்டுவிட்டார். 'சந்தேகம்' என்று எழுதி வட்டம் போட்டுவிடுவார். மெஷின் பழசு, சிஸ்டர் புதுசு. கேட்க ஆள் இல்லை.

நர்ஸ் பேனாவை எடுத்தார். "சந்தேகம்தான். ஆனா சந்தேகத்தை வெச்சு நான் விட்டுட முடியாது. டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும், ரத்தம் எடுத்துப் பாக்கச் சொன்னா பாப்போம். ஒரு மாசம் கழிச்சு மறுபடி எடை பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும்."

"ஒரு மாசமா," என்றாள் மனைவி. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. கைப்பேசியை எடுத்தாள். அழவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைத் திறந்து, கடைசி முறையாகப் படிக்கிறவளைப்போல விரலால் மேலே தள்ளினாள். அவள் உதடு மட்டும் உள்ளே மடிந்திருந்தது.

"அனுப்பாத," என்றான் மைக்ரான்.

"என்னங்க?"

"அனுப்பாத. நான்தான்."

"நீங்கதான் என்ன?"

அவன் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் மெஷின் பழசு என்ற வார்த்தை நுழைந்துவிடும் என்று பயந்தான். பைக்குள் கை விட்டு, கைப்பேசி, சாவிக்கொத்து, வெர்னியர் மூன்றையும் எடுத்தான். பக்கத்து மேசையில் கைக்குழந்தைகளை எடை போடும் தட்டு இருந்தது. சுத்தமான தாள் விரித்திருந்தது. அதன் மேல் மூன்றையும் படுக்க வைத்தான்.

510 கிராம் என்று காட்டியது.

அறையில் எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். சுண்டு மட்டும் சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"அவளைத் தூக்கிட்டு ஏறினப்ப இதெல்லாம் பையில இருந்துது," என்றான். "தனியா ஏறினப்ப மேசையில இருந்துது. ஒம்பது கிலோ இல்ல. எட்டரை."

நர்ஸ் பேனாவால் எட்டரை எங்கே விழும் என்று தொட்டுப் பார்த்தார். பதினைந்தாம் கோட்டின் மேல், முந்தைய புள்ளிகளுக்கும் இன்றைய புள்ளிக்கும் நடுவில், நூலில் கோர்த்தது போல உட்கார்ந்தது. "அட," என்றார். தட்டில் கிடந்த சாமான்களைக் கொஞ்சம் மரியாதையாக எடுத்து அவன் கையில் கொடுத்தார். "நல்ல எடை. கொஞ்சம் இரும்புச் சத்து அதிகம்."

மனைவி சிரிக்கவில்லை. "சிஸ்டர்," என்றாள். "அப்ப நான் வேலைக்குப் போனப்புறம் குழந்தை எவ்வளவு ஏறியிருக்கா?"

"எட்டரையில இருந்து ஒம்பது. அரை கிலோம்மா. இந்த வயசுல மூணு மாசத்துக்கு அது சரியான ஏத்தம்."

"நான் வேலைக்குப் போனப்புறம்."

"ஆமா."

"இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர். இவருக்குக் கேட்டிருக்காது."

நர்ஸ் இன்னொரு தடவை சொன்னார். மைக்ரானுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

அதற்குப் பிறகு நர்ஸ் சோற்றைப் பற்றிப் பேசினார். என்ன கொடுக்கிறது, எப்போது கொடுக்கிறது, அது உங்கள் பாடு. எவ்வளவு என்பது அவள் பாடு. மூன்று வேளை, நடுவில் இரண்டு தடவை சின்னதாக. அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். வாயை மூடினால் முடிந்தது. பின்னால் ஓட வேண்டாம். "ஓடினா அவளுக்கு ஓட்டப்பந்தயம்தான் ஞாபகம் இருக்கும், சோறு இருக்காது." இரண்டு வயதில் மறுபடி கூட்டி வரச் சொன்னார். அதற்கு முன்பு காய்ச்சலோ, சோர்வோ, எடை இறங்குவதோ இருந்தால் உடனே வரச் சொன்னார். சிவப்பு மையை மட்டும் இனி வீட்டிலேயே வைத்துவிடும்படியும் சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி தாழ்வாரத்தில் நின்றாள். "அக்காவுக்கு யாரு சொல்றது?"

"நான் சாயங்காலம்..."

"இப்ப."

மைக்ரான் அக்காவைக் கூப்பிட்டான். மனைவி அவன் கையிலிருந்த கைப்பேசியின் திரையைத் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சுண்டு நல்லாத்தான் வளர்றா. போன தடவை எடை தப்பு. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

"நீயா?" அக்கா சிரித்தாள். "உங்கிட்ட தப்பு வருமா? சின்ன வயசுல ரொட்டியை ஸ்கேல் வெச்சுப் பங்கு போட்டவன்டா நீ. பொண்டாட்டியைக் காப்பாத்தறதுக்குச் சொல்றே."

"சத்தியமா நான்தான்கா. பையில சாவி, போன், வெர்னியர் எல்லாம் இருந்துது."

"சும்மா சொல்லாத."

தன் பிழையை நம்ப வைக்க அவன் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு நிமிடம் வாதாடினான். அக்கா அரைமனதாக இறங்கி வந்தாள். "சரி, இப்ப எங்க இருக்கா?"

"பதினஞ்சுல."

"நூத்துக்குப் பதினஞ்சா? அடப்பாவமே, பாஸ்கூட இல்லியே!"

"மார்க் இல்லக்கா. வரிசை. நூறு பிள்ளைங்க எடைப்படி நிக்கறாங்கன்னு வெச்சுக்க. எல்லாமே நல்லா இருக்கற பிள்ளைங்க. இவ பதினஞ்சாவதா நிக்கறா. ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல நின்னா அவ சரியா வளர்றான்னு அர்த்தம்."

அக்கா யோசித்தாள். "கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கச் சொல்ல முடியாதா?"

"முடியாதுக்கா. அவ எடம் அது."

"உன் பொண்ணு, உன் வரிசை," என்று அக்கா வைத்துவிட்டாள். தோற்றுப்போன மாதிரி இல்லை. வேறு விஷயம் கிடைக்கும் வரை ஒத்திவைத்த மாதிரி இருந்தது.

மனைவி அவனை ஒரு கணம் பார்த்தாள். "மூணு மாசம். தினமும் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, அவ வயித்துல இருந்து சோத்தைப் பிடுங்கிட்டு நான் படம் வரையறேனோன்னு நெனச்சிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன்னால இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா..."

"தெரியும்."

"தெரியாது. இப்பதான் தெரியுது."

அவன் தலையாட்டினான். அதை மறுக்க அவனிடம் எந்தத் தாளும் இல்லை.

அவள் மேனேஜரை அழைத்தாள். வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். சுண்டுவின் நெற்றியில் முத்தம் கொடுத்து, பையை மாற்றி அவன் தோளில் போட்டு, பன்னிரண்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தாள். அஞ்சடி அரை அங்குலம் அவ்வளவு வேகமாகப் போகும் என்று மைக்ரானுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் மைக்ரான் சோற்றைக் குழைத்து, பருப்பு விட்டு, சுண்டுவின் முன்னால் வைத்தான். அவள் கையில் ஒரு கரண்டி, தன் கையில் ஒரு கரண்டி. சுண்டு கொஞ்சம் தின்றாள், கொஞ்சம் மேசைக்குப் பூசினாள், கொஞ்சம் அப்பாவின் சட்டைக்கும் ஒதுக்கினாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். "வேணாம்."

கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அவன் கை கரண்டியோடு காற்றில் தானாகவே கொஞ்சம் முன்னேறியது. சுண்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்து, தப்பித்து ஓடுவதற்கான வழியைக் கண்ணால் தேடத் தொடங்கினாள்.

அவன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவள் வாயைத் துடைத்தான். சுண்டு நம்பவில்லை. இறக்கிவிட்ட பிறகும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரும் வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. அவளே திரும்பி வந்து அவன் முழங்காலில் பருப்புக் கையை வைத்தாள்.

மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'சாப்பிட்டாளா?'

'சாப்பிட்டா. போதும்னு சொல்லிட்டா.'

'எத்தனை கரண்டி?'

ஏழு. ஏழாவதில் பாதி மேசைக்குப் போனது, ஆகவே ஆறரை.

'எண்ணல,' என்று அனுப்பினான்.